மாப்பிள்ளையின் மூக்கு 12 டிகிரி

மாப்பிள்ளைகள் சட்டையைக் கழற்றும்வரை என் தொழில் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது.

கல்யாண ஆல்பங்களுக்கு டச்சிங் செய்வது என் பிழைப்பு. ரிசப்ஷன் படங்கள் வந்தால் எனக்கு நிம்மதி. கோட்டு, சூட்டு, கழுத்தை இறுக்கும் டை. முகமும் இரண்டு கைகளும்தான் வெளியே தெரியும். அவை தினமும் வெயில் பார்ப்பவை, ஒரே நிறமாக இருந்துவிடும். வினையெல்லாம் முகூர்த்தத்தில்தான். எங்கள் டெல்டாப் பக்கத்தில் பல வீடுகளில் மாப்பிள்ளை பஞ்சகச்சமும் அங்கவஸ்திரமுமாக, மேல்சட்டை இல்லாமல் மணையில் உட்காருவார். அவர் அரைக்கைச் சட்டைக்காரரா, பனியன் கழுத்து எவ்வளவு இறக்கம், வாட்ச் எந்தக் கையில், ஹெல்மெட் வார் தாடையில் எங்கே ஓடுகிறது என்பதெல்லாம் அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரியவரும். புஜத்தின் நடுவே ஒரு கோடு. கோட்டுக்கு மேலே ஓர் ஆள், கீழே இன்னோர் ஆள்.

“கோட்டை மட்டும் எடுத்துடுங்க தம்பி” என்பார்கள். மட்டும்!

அந்த ‘மட்டும்’ என்னைப் படுத்திய பாட்டுக்கு உதாரணமாக ஒரு மாப்பிள்ளையை எடுத்துக்கொள்கிறேன். கட்டட வேலை மேற்பார்க்கும் இன்ஜினியர். ஆண்டு முழுக்க சைட்டில் நிற்கிறவர். போதாக்குறைக்குக் கல்யாணத்துக்கு முந்தின நாள் எங்கள் ஸ்டுடியோ ஆட்களே அவரைப் பெண்ணோடு தரங்கம்பாடிக் கடற்கரைக்கு அழைத்துப்போய், நண்பகல் வரை நிற்கவைத்துப் படம் எடுத்திருக்கிறார்கள். வெயில் சுட்ட சிவப்பு உடனே உச்சத்துக்கு வராது. பன்னிரண்டிலிருந்து இருபத்துநான்கு மணி நேரம் கழித்துத்தான் நன்றாக ஏறும். அதாவது, மறுநாள் காலை முகூர்த்த நேரத்துக்குச் சரியாக. ஆக, என் மேசைக்கு வந்தவருக்கு இரண்டு குறைகள் இருந்தன. புஜத்தில் வருஷக்கணக்கான கறுப்புக் கோடு. மூக்கு நுனியிலும் நெற்றியிலும் முந்தின நாள் சிவப்பு. இரண்டும் வெயிலின் வேலைதான் என்பதால் மருந்தும் ஒன்றுதான் என்று நினைத்தேன். என் அத்தனை தோல்விகளுக்கும் பிள்ளையார் சுழி அதுதான்.

போட்டோஷாப்பில் Hue/Saturation என்று ஒரு லேயர் உண்டு. அதில் மூன்று தள்ளுகட்டைகள். நிறத்தை மாற்றுவது ஒன்று, நிறத்தின் அடர்த்தியைக் கூட்டிக் குறைப்பது ஒன்று, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பது ஒன்று. மேலே ஒரு பட்டியலில் Reds, Yellows என்று ஆறு நிறக் குடும்பங்கள் இருக்கும். எந்தக் குடும்பத்தைத் தேர்ந்தெடுக்கிறோமோ அதில் மட்டும் வேலை செய்யும். சிவப்பு அதிகமா, Reds-ஐத் தேர்ந்தெடு, அடர்த்தியைக் குறை. இதைவிட எளிமையாக ஒரு காரியம் இருக்க முடியுமா? நான் −40 வைத்தேன். மூக்கின் சிவப்பு போயே போய்விட்டது. கூடவே மாப்பிள்ளையின் உயிரும் போய்விட்டது. முகம் முழுக்கச் சாம்பல் பூத்து, மணையில் உட்கார்ந்திருந்தவர் மார்ச்சுவரியிலிருந்து நேரே வந்தவராகத் தெரிந்தார்.

காரணம் பிற்பாடுதான் விளங்கியது. நிறங்களை ஒரு வட்டத்தில் வைத்து டிகிரிக் கணக்கில் சொல்வார்கள். சிவப்பு 0, மஞ்சள் 60, பச்சை 120, நீலம் 240, அப்புறம் சுற்றிவந்து 360-ல் மறுபடியும் சிவப்பு. நம் ஊர்த் தோல் வெளிர் நிறமோ அட்டைக் கறுப்போ, நல்ல வெளிச்சத்தில் எடுத்த படத்தில் அளந்தால் பெரும்பாலும் 15-லிருந்து 30-க்குள் எங்கேயாவது நிற்கும். செம்மஞ்சள் பகுதி. மனிதருக்கு மனிதர் அதிகம் மாறுவது வெளிச்சமும் அடர்த்தியும்தான். போட்டோஷாப்பின் Reds என்ற குடும்பமோ 345-லிருந்து 15 வரை முழு வேகத்தில் வேலை செய்து, 45 வரை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து மறைகிற மாதிரி அமைக்கப்பட்டது. ஆக, சிவந்த மூக்கும் அதற்குள், சிவக்காத கன்னமும் அதற்குள். நான் சிவப்பைக் குறைக்கவில்லை, தோலையே குறைத்திருக்கிறேன்.

இணையத்தில் வீடியோ போட்டுச் சொல்லித்தருகிறவர்கள் இதை ஏமாற்றிச் சொல்லவில்லை. அவர்கள் கையில் இருப்பது வெள்ளைக்காரத் தோல். அது சிவந்தால் பக்கத்துத் தோலிலிருந்து எட்டிப்போய் நிற்கும், தனியாகப் பிடித்துவிடலாம். மாநிறத்தில் சிவப்பு அவ்வளவு தூரம் போகாது. என் மாப்பிள்ளையின் கன்னத்தில் 21 டிகிரி, மூக்கு நுனியில் 12. வித்தியாசம் ஒன்பதே டிகிரி. அந்த ஒன்பது டிகிரிக்காக நான் 345-லிருந்து 45 வரை குண்டு போட்டிருக்கிறேன்.

குண்டு மாப்பிள்ளையோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. பக்கத்தில் பெண் இருந்தது. அரக்குச் சிவப்பில் கூறைப் புடவை, நெற்றியில் குங்குமம், கழுத்தில் ரோஜா மாலை, கைநிறைய மருதாணி. கல்யாணத்தில் மங்கலமான பொருள் எல்லாமே அந்த ஆறிலொரு பங்கு வட்டத்துக்குள் வந்து குவிந்துவிடுகிறது. கணினிக்குத் தோல் என்றும் பட்டு என்றும் தெரியாது, டிகிரிதான் தெரியும். ஆல்பத்தின் மாதிரிப் படத்தைப் பார்த்த பெண்ணின் அத்தை வாயைத் திறந்தார். “இது நாங்க எடுத்த கூறையே இல்லையே. எந்தக் கடையில மாத்தினீங்க?” செங்கல் நிறத்தில் இருந்த புடவையைக் காட்டி, “பிரிண்டுல சரியா வரும்மா” என்று சொல்லித் தப்பித்தேன். குங்குமம் சாக்லேட் நிறத்தில் இருந்ததை அவர் கவனிக்கவில்லை என்பது என் அதிர்ஷ்டம்.

அதற்குப் பிறகு மாஸ்க் இல்லாமல் அந்த லேயரைத் தொடுவதில்லை. லேயர் போட்டவுடனே அதன் மாஸ்க்கைக் கறுப்பாக்கிவிடுகிறேன், அப்போது அது எங்குமே வேலை செய்யாது. பிறகு மெத்தென்ற விளிம்புள்ள வெள்ளைத் தூரிகையால் மூக்கிலும் நெற்றியிலும் மட்டும் திறந்துவிடுகிறேன். இது கொஞ்சம் பட்டவுடனே எல்லோருக்கும் வருகிற புத்திதான். ஆனால், புத்தி வந்துவிட்டது என்று நினைத்த இடத்தில்தான் அடுத்த பள்ளம் இருந்தது.

அடர்த்தியைக் குறைப்பதைவிட நிறத்தை நகர்த்துவது நல்லது என்று கற்றுக்கொண்டிருந்தேன். தத்துவம் சரியானது. சிவந்த இடத்தில் அடர்த்தி பெரிதாகக் கூடிவிடவில்லை, நிறம்தான் சிவப்புப் பக்கம் சரிந்திருக்கிறது. 12-ல் இருப்பதை 21-க்கு நகர்த்தினால் தீர்ந்தது. கட்டையைப் பிளஸ் பக்கம் தள்ளினால் சிவப்பு மஞ்சளை நோக்கி நகரும், மைனஸ் பக்கம் தள்ளினால் ரோஸ் நிறத்தை நோக்கி. அந்தச் சாளரத்தின் அடியில் நான்கு எண்கள் இருக்கும். நடு இரண்டும் முழு வேகப் பகுதி, ஓர எண்கள் தேய்ந்து மறைகிற எல்லை. இந்த எண்களைத்தான் சுருக்க வேண்டும். நான் ஆர்வக்கோளாறில் எல்லைகளை ஒட்டிப்பிடித்து வைத்து, நிறத்தை +18 தள்ளினேன். மூக்கு 30 டிகிரிக்குப் போய் மஞ்சளானது. அதன் ஓரத்தில், வரம்புக்கு வெளியே மாட்டிக்கொண்ட தோல் இருந்த இடத்திலேயே சிவப்பாக நின்றது. முன்பு சிவந்த மூக்கைச் சுற்றி மாநிறம் இருந்தது. இப்போது மஞ்சள் மூக்கைச் சுற்றிச் சிவப்பு வளையம். அந்த வளையமும் வழவழப்பாக இல்லை, சின்னச் சின்னக் கட்டங்களாக உடைந்திருந்தது. காரணம், என்னிடம் இருந்தது ஜேபெக் கோப்பு. வெளிச்சத்தை நுணுக்கமாகவும் நிறத்தைக் கட்டம் கட்டமாகவும் சேமித்து இடத்தை மிச்சம் பிடிக்கிற கோப்பு அது. வரம்பு செங்குத்தாக முடிந்தால் அந்தக் கட்டங்கள் தலைதூக்கிவிடும்.

இப்போது கடைப்பிடிக்கிற கணக்கு இது. எவ்வளவு டிகிரி நகர்த்தப் போகிறேனோ, தேய்ந்து மறைகிற பகுதி அதைவிட அகலமாக இருக்க வேண்டும். இந்த மாப்பிள்ளைக்கு முழு வேகம் 4-லிருந்து 13 வரை, மேல்பக்கம் 25 வரை தேய்வு. நகர்த்தியது +8. மூக்கு 20-க்கு வந்தது, கன்னத்துக்கு ஒரு டிகிரி குறைவு. கன்னமும் தேய்வுப் பகுதியில் இருப்பதால் ஏதோ இரண்டு மூன்று டிகிரி நகரும், ஆனால் மாஸ்க் அதை மறைத்துவிடும். அந்த ஒரு டிகிரியை வேண்டுமென்றே விட்டேன். மூக்கு நுனி, காது மடல், விரல் முட்டி இவையெல்லாம் வெயில் படாதவர்களுக்கும் சற்றுச் சிவப்பாகத்தான் இருக்கும். அதையும் வழித்துச் சமன் செய்தால் முகம் பொம்மையாகிவிடுகிறது.

வரம்பு எங்கே பிடிக்கிறது என்று வெறும் கண்ணால் தெரியாது. அதற்கு ஒரு வழி உண்டு. கொஞ்ச நேரத்துக்கு நிறக் கட்டையை ஒரே தள்ளாக +180 வரை தள்ளிவிட வேண்டும். பிடிபட்ட தோல் அத்தனையும் பச்சையும் நீலமுமாக மாறிவிடும். பிறகு அடி எண்களை நகர்த்தி, சிவந்த திட்டுகள் மட்டும் நீலமாக நிற்கும்படி சுருக்கிக்கொண்டு, கட்டையைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். இந்தக் கடைசிப் படிதான் முக்கியம். ஒரு ராத்திரி தூக்கக் கலக்கத்தில் கொண்டுவர மறந்து ஷீட்டை அனுப்பிவிட்டேன். மறுநாள் காலை ஆல்பம் அச்சடிக்கிறவர் போன் செய்தார். “அண்ணே, மாப்பிள்ளை எந்த லோகத்துல இருந்து வர்றாரு? மூக்கு மட்டும் நீலமா இருக்கு. கிருஷ்ணர் வேஷம்னா முகம் முழுக்கப் போடணும்ல?”

மூக்கு ஒரு வழியாகத் தேறியது. அந்தத் தெம்பில் அதே வைத்தியத்தைப் புஜத்துக் கோட்டில் செய்தேன். நிறத்தை நகர்த்தினேன், அடர்த்தியைக் குறைத்தேன். என்ன செய்தும் கோடு கோடாகவே இருந்தது. கோட்டுக்குக் கீழே கறுப்பாக இருந்த கை, பச்சை படர்ந்த கறுப்பானதுதான் மிச்சம். விடாமல் மூன்றாவது கட்டையைப் பிடித்து வெளிச்சத்தைக் கூட்டினேன். அந்தக் கட்டை தோலில் இருக்கிற கறுப்பை எடுப்பதில்லை, அதன்மேல் வெள்ளையைக் கலக்கிறது. கை வெளுத்து, நிழலும் மினுக்கமும் செத்து, பவுடர் அப்பின பலகையாகிவிட்டது.

இரண்டு குறைக்கும் மருந்து ஒன்றல்ல என்பதை எனக்குக் காட்டிக்கொடுத்தது சேனல் சாளரம். ஒவ்வொரு படத்துக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று கறுப்பு வெள்ளைப் படங்கள் ஒளிந்திருக்கின்றன. சிவப்புச் சேனலை மட்டும் திறந்து மூக்கைப் பார்த்தேன். சிவந்த மூக்கைக் காணோம்! கன்னமும் மூக்கும் ஒன்றாக இருந்தன. பச்சைச் சேனலில் பார்த்தால் மூக்கு கறுத்துத் திட்டாக நின்றது. எண்ணில் சொன்னால் கன்னத்தில் சிவப்பு 163, பச்சை 110. மூக்கில் சிவப்பு 166, பச்சை 93. வெயில் சுட்ட சிவப்பு என்பது தோலுக்கடியில் கூடுதலாகப் பாய்கிற இரத்தம். இரத்தத்தின் ஹீமோகுளோபின் பச்சை ஒளியை விழுங்கிவிட்டுச் சிவப்பு ஒளியை அநேகமாக முழுதாகத் திருப்பி அனுப்பிவிடும். ஆகவே அங்கே நிறம்தான் மாறியிருக்கிறது, வெளிச்சம் பெரிதாகக் குறையவில்லை. நிறக் கட்டை போதும்.

அதே சிவப்புச் சேனலில் புஜத்தைப் பார்த்தேன். கோடு அப்படியே அசையாமல் இருந்தது. வெயிலில் கறுப்பதற்குக் காரணம் மெலனின். அது நீலத்தை அதிகமாகவும் பச்சையை அதற்கடுத்தும் விழுங்கும், சிவப்பையும் விடாது. தோள்பட்டையில் சிவப்பு 184 என்றால் முன்கையில் 122. அவ்வளவு வெளிச்சப் பள்ளத்தை நிறத்தை நகர்த்தி நிரப்ப முடியாது. இன்றைக்கு என்னிடம் யாராவது டச்சிங் கற்க வந்தால் இந்த ஒரு சோதனையைத்தான் முதலில் சொல்வேன். சிவப்புச் சேனலில் மறைந்தால் இரத்தம், நிறத்தைத் தொடு. மறையாவிட்டால் மெலனின், வெளிச்சத்தைத் தொடு.

வெளிச்சத்தைத் தொடலாம் என்று தெரிந்ததும் அடுத்த கேள்வி வந்தது. எந்தப் பக்கத்தை எந்தப் பக்கத்துக்கு மாற்றுவது? நான் யோசிக்கவே இல்லை. தோள்பட்டைதான் பிறவி நிறம், சட்டைக்குள் பத்திரமாக இருந்த நிறம். அதற்கு ஏற்ப முன்கைகளைத் தூக்கினேன், அதோடு முகம் ஒட்டவில்லை என்று முகத்தையும் தூக்கினேன். கேட்பவர்களும் “கொஞ்சம் கலரா வரட்டும்” என்றுதானே கேட்கிறார்கள் என்று ஒரு சமாதானம். மாப்பிள்ளையின் அம்மா படத்தைக் கையில் வாங்கி, மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “எல்லாம் நல்லா இருக்குப்பா. என் பிள்ளை எங்க?” கேலியாகக் கேட்கவில்லை. அவர் இருபது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்த முகம் வெயில் பட்ட முகம். தோள்பட்டை நிறத்தில் ஒரு முகத்தை அவர் தன் பிள்ளைமேல் பார்த்ததே இல்லை. முகத்தை மாற்றும் வேலையை அன்றோடு விட்டேன். இப்போது முகம் இருந்தபடி இருக்கும். தோள்பட்டை கொஞ்சம் இறங்கிவரும், முன்கை கொஞ்சம் ஏறிவரும், இரண்டும் முகத்துக்குப் பக்கத்தில் எங்கேயாவது சந்திக்கும்.

அதை எப்படிச் செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வரிசையை மாற்றிச் செய்து கெடுத்த படங்கள் என் கணினியில் இன்னும் கிடக்கின்றன. முதலில் அளவு. ஐட்ராப்பர் கருவியை ஒற்றைப் புள்ளியில் வைக்காமல் 11 க்கு 11 புள்ளிச் சராசரியில் வைத்து எடுத்தேன். இல்லாவிட்டால் ஒரு மயிர்க்கால்மேல் பட்டு எண் துள்ளும். தோள்பட்டையில் நிறம் 26, அடர்த்தி 45, வெளிச்சம் 72. முன்கையில் நிறம் 19, அடர்த்தி 58, வெளிச்சம் 48. மூன்றிலும் வித்தியாசம். பழைய நானாக இருந்தால் அடர்த்தி 58-ஐப் பார்த்ததும் கட்டையைப் பிடித்து இழுத்திருப்பேன்.

அதை விட்டுவிட்டு Curves என்ற லேயரில் முன்கையின் நடு வெளிச்சத்தை மட்டும் மெல்லத் தூக்கினேன். வெளிச்சம் 56-க்கு வந்தது. மறுபடி அளந்தால், நான் தொடாமலேயே அடர்த்தி 49-க்கு இறங்கியிருந்தது. வளைகோட்டைத் தூக்கும்போது சிவப்பைவிட நீலமும் பச்சையும் விகிதத்தில் அதிகமாக ஏறுவதால் அடர்த்தி தானே குறையும். தோள்பட்டையை இன்னொரு Curves லேயரில் ஒரு சிட்டிகை இறக்கினேன். வெளிச்சம் 69, அடர்த்தி தானே ஏறி 50. கவனியுங்கள், 45-ம் 58-ம் ஒன்றையொன்று பார்க்காமல் இருந்தவை, நான் அடர்த்திக் கட்டையைத் தொடாமலே 50-க்கும் 49-க்கும் வந்து உட்கார்ந்துவிட்டன. முன்பெல்லாம் அடர்த்தியை முதலில் குறைத்து, அப்புறம் வெளிச்சத்தைத் தூக்கி, அடர்த்தி இரண்டு தடவை இறங்கிப் போய், ஏன் கை சாம்பலாகிறது என்று மானிட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மிச்சம் இருந்தது நிறம். கை இப்போது 20, தோள் 26. முன்கைக்கு மட்டும் மாஸ்க் வைத்து நிறத்தை +4 நகர்த்தினேன். வெளிச்சத்தில் பன்னிரண்டு, பதின்மூன்று அளவு வித்தியாசம் இன்னும் இருந்தது. அதை அப்படியே விட்டேன். முழங்கை மடங்கியிருந்தது, அந்தப் பக்கம் நிழல். நிழலில் இருக்கிற கை தோளைவிடக் கறுப்பாக இருந்தால்தான் அது கை. கோட்டின்மேல் மட்டும் மாஸ்க்கின் விளிம்பை நான்கு விரல் அகலத்துக்கு இளக்கினேன். வெயில் கோடு கூர்மையாக இருப்பதால்தான் கண்ணில் குத்துகிறது. அதே வித்தியாசம் மெல்ல மாறினால் கண் அதை உடம்பின் வளைவு என்று எடுத்துக்கொள்ளும். இதை அறியாமல், வித்தியாசத்தைப் பூஜ்யமாக்கப் பார்த்தே பல ராத்திரிகள் போயின.

சிவப்பாகத் தெரிவதெல்லாம் வெயில் சிவப்பு என்று நம்பியதும் ஒரு காலம். அதே ஆல்பத்தில் பெண்ணின் தாடைக்குக் கீழே, கழுத்தில் ஒரு சிவப்பு. மூக்கில் ஜெயித்த கையோடு அங்கேயும் +8 வைத்தேன். கழுத்து பித்தம் பிடித்து மஞ்சளாகிவிட்டது. அப்புறம்தான் பார்த்தேன், அது தோலின் சிவப்பே அல்ல. கூறைப் பட்டின் மேல் விழுந்த வெளிச்சம் சிவப்பாகித் தெறித்து, கழுத்தின் அடிப்பக்கத்தில் ஏறியிருக்கிறது. பெண் அதற்கு என்ன செய்யும்? வெயில் சிவப்பு மேடான இடங்களில் இருக்கும்: மூக்கு, நெற்றி, கன்ன எலும்பு, காதின் மேல்விளிம்பு, தோள். புடவைச் சிவப்பு புடவையைப் பார்த்த பக்கத்தில், நிழலுக்குள் இருக்கும். இதைப் பாதி குறைத்தாலே போதும். முழுக்க எடுத்தால் தலை தனி, உடல் தனி என்று தெரியும்.

உதட்டுக்கு வருகிறேன். வெற்றிலை பாக்குப் போடாத, சிகரெட் பிடிக்காத நம் ஆட்களுக்கும் மேலுதடு கறுப்பு, கீழுதட்டின் உள்பக்கம் ரோஸ் என்று இரண்டு நிறம் இருப்பது சாதாரணம். அது குறை அல்ல, அமைப்பு. ஆனால், “மாப்பிள்ளைக்கு உதடு திட்டுத் திட்டா இருக்கே” என்று ஒரு மாமா சொல்லிவிட்டார். மாமாக்கள் சொன்னால் செய்துதான் ஆகவேண்டும். உதட்டை அளந்தேன். ஓர் இடத்தில் 4 டிகிரி, பக்கத்திலேயே 356. ஐயோ, 352 டிகிரி வித்தியாசமா என்று மலைத்துப்போனேன். வட்டம் என்று இத்தனை பேசிய எனக்கே, 356-க்கும் 4-க்கும் இடையில் எட்டே டிகிரிதான் என்று உறைக்க ஒரு டீ குடித்துவர வேண்டியிருந்தது.

உறைத்த பிறகும் ஒழுங்காகச் செய்தேனா? கீழுதட்டு ரோஸை எடுத்து, Color கலவையில் மேலுதட்டின் மேல் பூசினேன். அந்தக் கலவை வெளிச்சத்தை விட்டுவிட்டு நிறத்தையும் அடர்த்தியையும் மட்டும் மாற்றும். வெளிச்சம் குறைந்த கறுப்பில் ரோஸ் ஏறினால் கருஞ்சிவப்பு வரும். கறுப்பு மறையாததால் மேலும் பூசினேன். மணையில் மாப்பிள்ளை லிப்ஸ்டிக்கோடு உட்கார்ந்திருந்தார், பெண்ணைவிட எடுப்பாக. மாமா அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. என்னைத்தான் ஒருமாதிரி பார்த்தார். பிறகு உதட்டிலும் புஜத்து வரிசையையே கையாண்டேன். கறுத்த திட்டுகளை Curves-ல் கொஞ்சம் தூக்கிவிட்டு, அதன் பிறகு கால்பங்கு அளவுக்கு மட்டும் நிறம். மேலுதடு கீழுதட்டைவிடக் கறுப்பாகவே இருக்கவேண்டும். வெளிச்சம் மேலிருந்து வருவதால் மேலுதடு இயல்பாகவே நிழலில் இருக்கிறது. இரண்டும் ஒரே நிறமானால் வாய் தட்டையாகிவிடும். உதட்டுக்கும் தோலுக்கும் நடுவிலுள்ள மெல்லிய வெளிர்க் கோட்டைத் தூரிகை தாண்டினாலும் சாயம் பூசியது காட்டிக்கொடுத்துவிடும். இன்னொன்று, முகத்தின் சிவப்பைச் சரிசெய்கிற லேயரில் உதட்டை மாஸ்க்கால் மூடாமல் விட்டால், உதடும் சேர்ந்து மஞ்சளாகும். இரண்டு ஆல்பம் அப்படி அச்சாகியே போய்விட்டது. அந்த வீட்டார்கள் இன்னும் கவனிக்காமல் இருக்கவேண்டும்.

கடைசியாக ஒரு வெட்கக்கேடு. ஒரு சீசன் பூராவும் என் மாப்பிள்ளைகள் எல்லோரும் அச்சில் சோகை பிடித்து வந்தார்கள். திரையில் சிவப்பு, அச்சில் வெளிறல். அச்சகத்துக்காரரோடு சண்டை போட்டேன். இங்க் சரியில்லை, பேப்பர் சரியில்லை என்றேன். அவர் பொறுமையாக என் அறைக்கு வந்து, திரையைப் பார்த்து, “ஏண்ணே, ராத்திரி மோடு ஆன்ல இருக்கே” என்றார். கண் வலிக்கிறது என்று நான்தான் போட்டிருந்தேன். மாலை ஆறு மணியானதும் திரை தானாகவே மஞ்சள் சிவப்பாகிவிடும், நான் வேலையை ஆரம்பிப்பதும் ஆறு மணிக்குத்தான். இல்லாத சிவப்பை மாதக்கணக்கில் குறைத்திருக்கிறேன். இப்போது எந்தப் படமானாலும் தோலைத் தொடுவதற்கு முன் மாப்பிள்ளையின் வேட்டியை அளக்கிறேன். சாயமில்லாத வெள்ளை வேட்டியின் வெளிச்சப் பகுதியில் மூன்று எண்களும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கவேண்டும். நீலம் மட்டும் இருபது குறைந்திருந்தால் மண்டபத்து விளக்கு மஞ்சள். முதலில் அதைச் சரிசெய்தால் பாதிச் சிவப்பு தானே போய்விடுகிறது. சலவைக்கு நீலம் போட்ட வேட்டி என்றால் இந்தக் கணக்கும் ஏமாற்றும்.

ஆகவே, வருகிற தையில் மணையேறப் போகிற மாப்பிள்ளைகளுக்கு ஒரு விண்ணப்பம். இரண்டு மாதம் முன்பிருந்தே முழுக்கைச் சட்டை போட்டு வண்டி ஓட்டுங்கள், வாட்ச்சைக் கழற்றி வையுங்கள். கடற்கரையில் படம் எடுக்க ஆசை என்றால் கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பே, அதுவும் காலை எட்டு மணிக்குள் எடுத்துக்கொள்ளுங்கள். முந்தின நாள் மட்டும் வேண்டவே வேண்டாம்.